இழப்பு வந்தபின் எழும் ஆசை

வில்லியனூரில் காலையில் பிறக்கும் ஒரு செய்தி பாகூரை அடைய எவ்வளவு நேரம் பிடிக்கும்? கரிக்கலாம்பாக்கம் வழியாக வரும் பேருந்து நின்று நின்றுதான் வரும். செய்தி எங்கும் நிற்பதில்லை. தேநீர்க் கடையில் ஏறும், களத்துமேட்டில் இறங்கும், கைப்பேசியில் தாவும். மாலைக்குள் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவரும் அதை அறிந்திருப்பார்.

அப்படிப் பரவிய செய்தி ஒன்றைப் பற்றியே இங்கே எழுதுகிறோம். செய்தி சிறியது. நம் தோழி ஒருவர் இளைஞர் ஒருவருடன் பழகத் தொடங்கியிருக்கிறார். இருவரும் ஊசுடு ஏரிக்கரையில் பேசிக்கொண்டே நடந்ததை யாரோ பார்த்துவிட்டார். அவ்வளவுதான். ஆனால் அந்தச் செய்தி பாகூர்ப் பக்கத்திலிருந்த வேறோர் இளைஞரின் உள்ளத்தில் என்ன செய்தது என்பதே நம்மைச் சிந்திக்க வைத்தது.

அந்த இரண்டாமவர் தோழிக்குப் புதியவர் அல்லர். இரண்டாண்டுக் காலம் பழகியவர். திருமணப் பேச்சு எழும்போதெல்லாம், வேலை கிடைக்கட்டும் என்றார், வேலை கிடைத்தது. தங்கையின் திருமணம் முடியட்டும் என்றார், அதுவும் முடிந்தது. அதன்பின் சொல்வதற்குக் காரணம் ஒன்றும் மீதமில்லாமற் போகவே, பேச்சையே நிறுத்திக்கொண்டார். எட்டு மாதங்கள் ஒரு சொல் இல்லை. தோழி அழுதார், பின்பு தேறினார், தம் வேலையைப் பார்த்தார். நூலகத்தில் அறிமுகமான ஒருவரோடு நட்பு மலர்ந்தது.

ஏரிக்கரைச் செய்தி பரவிய மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தோழியின் கைப்பேசி ஒலித்தது. மறுநாள் நீண்ட மடல் ஒன்றும் வந்தது. எட்டு மாதங்களாக ஊமையாக இருந்த உள்ளத்திலிருந்து ஆற்றுவெள்ளம்போல் சொற்கள் பெருகியிருந்தன. நீ இல்லாமல் நான் இல்லை. உன்னை மறந்தேன் என்று நினைத்தாயா. என் தாயிடம் நாளையே பேசுகிறேன்.

தோழி அந்த மடலை நம்மிடம் காட்டினார். "நீங்கள் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துபவர்தானே? இதையும் ஒருமுறை படித்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் கண்ணில் ஏளனம் இல்லை. ஐயமும் ஆசையும் கலந்திருந்தன. இந்த மடல் உண்மையானால் இரண்டாண்டு வீணாகவில்லை. பொய்யானால் மறுபடியும் ஏமாறுகிறோம். இடையிலே, ஒரு குற்றமும் செய்யாத மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

நம்மிடம் இருந்த சிவப்புப் பென்சிலால் கோடிட்டோம். 'அவன்' என்று புதியவரைக் குறிக்கும் சொல் பதினான்கு இடங்களில் வந்திருந்தது. 'நான்', 'என்' என்பவற்றை எண்ணி முடிக்கவில்லை. தோழியைப் பற்றிய கேள்வி மடல் முழுவதிலும் ஒன்றே ஒன்று: "அவனை எங்கே பார்த்தாய்?" இந்த எட்டு மாதங்கள் எப்படிக் கழிந்தன, தந்தையின் உடல்நிலை என்ன, எழுதிய தேர்வு என்னாயிற்று என்று ஒரு வரியும் இல்லை.

உடனே அவரைக் கயவர் என்று தீர்ப்பெழுதத் தோன்றும். பொறுங்கள், தோழர்களே. அவர் பொய் சொல்லவில்லை என்றே நாம் நம்புகிறோம். அவருக்கு உறக்கம் கெட்டது உண்மை. நெஞ்சு துடித்தது உண்மை. அந்தத் துடிப்புக்கு அவர் இட்ட பெயர் சரியானதுதானா என்பதே கேள்வி.

1975இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் வொர்ச்செலும் அவருடன் இருவரும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். கண்ணாடிச் சாடியில் பிஸ்கட்டுகளை வைத்து மாணவர்களுக்குக் கொடுத்து, தின்று பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். சிலருக்கு வந்த சாடியில் பத்து பிஸ்கட்டுகள். சிலருக்கு வந்ததில் இரண்டே. பண்டம் ஒன்றுதான். ஆயினும் இரண்டே இருந்த சாடியிலிருந்து எடுத்தவர்கள் அதை மேலும் விரும்பத்தக்கது என்றார்கள். விலையும் கூடச் சொன்னார்கள். வேறு சிலருக்கு முதலில் பத்து உள்ள சாடியைக் காட்டி, அவர்கள் கண்முன்னே அதை எடுத்துக்கொண்டு இரண்டு உள்ள சாடியைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஆவல் இன்னும் கூடியது. மற்றவர்கள் நிறையக் கேட்டதால்தான் குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லப்பட்டவர்களுக்கோ ஆவல் எல்லாரினும் மிகுந்தது.

இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஆவல் கூடிய அந்த மாணவர்களும், சுவை கூடுதலாக இருந்தது என்று சொல்லவில்லை. பண்டத்தை அடைய வேண்டும் என்ற விருப்பம் ஏறியது; நாவில் அது தந்த இன்பம் ஏறவில்லை. அடையத் துடிப்பது ஒன்று, அடைந்ததில் மகிழ்வது வேறொன்று என்பதை இரண்டு பிஸ்கட்டுகள் காட்டிவிட்டன.

நம் தோழியின் கதையிலும் அந்த மூன்று படிகளும் இருக்கின்றன. முன்பு நிறைய இருந்தது: கேட்ட நேரமெல்லாம் கிடைத்த அன்பு. அது திடீரெனக் குறைந்தது. குறைந்ததற்குக் காரணம் மற்றொருவர் விரும்பியது. இம்மூன்றும் கூடும்போது ஆசை பொங்கி எழுவதில் வியப்பில்லை. மனிதப் பண்டத்தைப் பிஸ்கட்டோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். முழுதும் ஒப்பிட முடியாதுதான். சாடி தன்னை யார் எடுத்தாலும் கவலைப்படாது, தோழி கவலைப்படுவார். ஆகவேதான் இந்தக் கேள்வி உளவியலோடு முடியாமல் அறத்தின் வாயிலில் வந்து நிற்கிறது.

நம் ஊர்ப்புறத்தில் இந்த ஆசைக்கு மற்றொரு துணையும் உண்டு. அதன் பெயர் உரிமை. அத்தை மகன் ஒருவன் இருப்பான். பெண் பள்ளி முடித்தாள், கல்லூரி முடித்தாள். அவன் திரும்பிப் பார்த்ததில்லை. வெளியூர் வரன் ஒன்று தாம்பூலம் மாற்ற வருகிறது என்று தெரிந்ததும், "முறைக்காரன் நான் இருக்க வேறு ஒருவனா?" என்று வாசலில் வந்து நிற்பான். அவனுடைய தாயும் தன் அண்ணனிடம் வந்து மூக்கைச் சிந்துவாள். நேற்றுவரை நினைவிலில்லாத பெண், இன்று இரத்த பாசத்தின் உயிர்நாடியாகிவிடுகிறாள்.

தரிசாய்க் கிடக்கும் நிலத்தைப் பக்கத்துக் காணிக்காரர் குத்தகைக்குக் கேட்டதும், மறுநாளே ஏரைப் பூட்டிக்கொண்டு வரும் நிலக்காரரை நாம் பாகூர் வயல்களில் காணலாம். அவரைக் குறை சொல்ல இடமில்லை, நிலம் அவருடையது. முறைக்காரரும் பழைய நண்பரும் செய்கிற பிழை, பெண்ணையும் அந்தக் கணக்கில் எழுதியதுதான். மண்ணுக்கு மனமில்லை. மனமுள்ளவரை எவரும் தரிசு போட்டு வைத்துப் பிறகு உழவர முடியாது.

பழைய கதைகளை எழுதியவர்களும் இந்த மனநிலையை அறிந்திருந்தார்கள். நளன் கதையை நினைத்துப் பாருங்கள். அது நடந்த வரலாறு அன்று, கட்டிய கதைதான். பாரதத்தில் கிளைக்கதையாக இருப்பது. தமிழில் புகழேந்தி வெண்பாவாகவும் அதிவீரராம பாண்டியர் நைடதமாகவும் பாடியது. கலியும் தேவரும் வருகின்ற பகுதிகளை ஒதுக்கிவிட்டு, மனிதர் வருகின்ற பகுதியை மட்டும் பார்ப்போம்.

சூதில் நாட்டை இழந்த நளன், நடுக்காட்டில் உறங்கும் மனைவியை விட்டுவிட்டுப் போகிறான். அவள் எப்படியோ தந்தை வீடு சேர்கிறாள். அவனோ அயோத்தி மன்னனிடம் பெயரையும் உருவையும் மறைத்துத் தேர் ஓட்டுகிறான். மனைவியை நினைத்து அவன் ஏங்குகிறான் என்றுதான் கதை சொல்கிறது. ஏங்கியவன் வந்தானா? இல்லை. அவன் அங்கிருப்பதைத் தூதர் வழியாக ஐயுற்ற தமயந்தி, தனக்கு இரண்டாம் சுயம்வரம் என்று அயோத்தி மன்னனுக்குச் செய்தி விடுக்கிறாள். நாளைக் காலையிலேயே நிகழவிருப்பதாகச் சொல்லச் செய்கிறாள். அவ்வளவு தொலைவை ஒரே நாளில் கடக்கத்தக்க தேரோட்டி நளன் ஒருவனே என்பது அவள் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. வராதிருந்த கால்கள் பறந்து வந்தன.

வந்தவன் என்ன கேட்டான்? பாரதக் கதையில், தன்னை விட்டுப் போனது கலியின் செயல் என்று தனக்கு விலக்குத் தேடிக்கொள்கிறான். அடுத்த மூச்சில், கணவன் இருக்க மற்றொருவனைத் தேர்ந்தெடுக்க உனக்கு எப்படி மனம் வந்தது என்று அவளைக் குற்றம் சாட்டுகிறான். காட்டில் விடப்பட்டவள் தன் தூய்மைக்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. விட்டுப் போனவனுக்குச் சான்று தேவைப்படவில்லை. தோழிக்கு வந்த மடலிலும் இதே இரண்டு வரிகள் இருந்தன: 'சூழ்நிலை என்னைத் தடுத்தது', 'ஆனால் உனக்கு எப்படி மனம் வந்தது?'

தமயந்தியைக் குறை சொல்லவும் நமக்கு மனமில்லை. வெளியே போய்த் தேடவோ, நேரில் நின்று 'வருகிறாயா, இல்லையா' என்று கேட்கவோ அந்தக் கதையின் அரசகுலப் பெண்ணுக்கு வழியில்லை. வதந்தி ஒன்றே அவளுக்கு வாய்த்த கருவி. இன்று அந்தக் கருவியைக் கையில் எடுக்கும் இளைஞரும் இளம்பெண்ணும் இருக்கிறார்கள். பழையவர் காதில் விழட்டும் என்றே புதியவரோடு கடைவீதியில் நடப்பார்கள். அது பயன் தரும், அதில் ஐயமில்லை. ஆனால் அது கொண்டுவருவது தேரின் வேகத்தை மட்டுமே. வேகம் அடங்கியபின் வருவது எதுவென்று அந்தக் கருவி சொல்லாது. அதைவிட, உடன் நடக்கும் அந்தப் புதியவர் தாம் ஒரு தூண்டில் புழு என்று அறியாமல் நடக்கிறாரே, அது என்ன நீதி?

அப்படியானால் செய்தி கேட்டு வருகின்ற அன்பெல்லாம் போலி என்று தள்ளிவிடலாமா? அதுவும் சரியன்று. நம் சங்க இலக்கியத்திலேயே இதற்கு மாறான சான்று உண்டு. களவில் பழகும் தலைவன் திருமணத்தை நாள் கடத்துகிறான். அப்போது தோழி, நொதுமலர், அதாவது அயலார், பெண் கேட்டு வருகிறார்கள் என்று அவன் காதில் விழும்படி சொல்கிறாள். வரைவு கடாதல் என்று இதனை வழங்குவர். அவனும் விழித்துக்கொண்டு மணம்பேச வருகிறான். நளனையும் தமயந்தியையும்போல இங்கும் அயலார் செய்திதான் ஆளை அசைக்கிறது. ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். இந்தத் தலைவன் செய்திக்கு முன்பும் வந்துகொண்டிருந்தவன். காவலையும் காட்டு வழியையும் பொருட்படுத்தாமல் இரவில் வந்தவன். செய்தி அவனுடைய அன்பைப் பிறப்பிக்கவில்லை. அவனுடைய சோம்பலைக் கலைத்தது. செய்தி கேட்டபின் அவன் செய்வதும் ஊரறியச் செய்வது. சான்றோரை அனுப்பி, பெண்ணின் வீட்டாரிடம் முறைப்படி கேட்கிறான். நள்ளிரவுப் புலம்பலோடு நிறுத்திக்கொள்வதில்லை.

இதிலிருந்து தோழிக்கு மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். செய்திக்கு முன்பு, எவரும் தூண்டாதபோது, அவர் உங்களைத் தேடிய நாள் ஒன்றேனும் உண்டா? இப்போது அவர் பேசுவது உங்களைப் பற்றியா, உங்களோடு இருப்பவரைப் பற்றியா? போட்டியாளர் இல்லையென்று ஆனால் இந்த ஆர்வம் எத்தனை நாள் நிற்கும்?

முதற் கேள்விக்குத் தோழி நெடுநேரம் நினைத்துப் பார்த்துவிட்டு, "எட்டு மாதத்தில் இல்லை" என்றார். இரண்டாவதற்குச் சிவப்புப் பென்சில் பதில் சொல்லிவிட்டது. மூன்றாவதற்குப் பதில் தெரிந்துகொள்ள வழியில்லை என்று நினைத்தோம். ஊர் வாய் அதற்கும் வழி செய்தது.

புதிய நண்பர் பயிற்சி ஒன்றுக்காக இரண்டு வாரம் வெளியூர் போனார். ஏரிக்கரையில் இருவரையும் காணாத ஊர், அவர்கள் பிரிந்துவிட்டார்கள் என்று தானே முடிவு கட்டியது. தோழி அதைப் பரப்பவுமில்லை, மறுக்க ஓடவுமில்லை. முதல் மூன்று நாள் பழைய நண்பரிடமிருந்து வழக்கம்போல் அழைப்புகள் வந்தன. குரலில் ஒரு நிம்மதி தெரிந்ததாம். ஐந்தாம் நாள் ஓர் அழைப்பு. ஒன்பதாம் நாள் 'வேலை அதிகம்' என்று இரண்டு சொற்கள். தாயிடம் நாளையே பேசுகிறேன் என்றாரே, அந்த நாளை என்ன ஆயிற்று என்று தோழி கேட்டார். "அவசரம் என்ன இருக்கிறது?" என்று பதில் வந்தது.

பத்து பிஸ்கட்டுகள் மீண்டும் சாடிக்குள் வந்துவிட்டன, பசி போய்விட்டது.

இந்தச் சான்றைப் பொதுவிதியாக்கிவிட வேண்டா என்று எச்சரிப்பதும் நம் கடமை. இரண்டு வாரத்தில் குளிர்ந்தது அவர் ஆசை; மற்றொருவருடையது குளிராமலும் இருக்கலாம். இழப்பின் அச்சத்தால்தான் தம் உள்ளத்தைத் தாமே முதன்முதலாக அறிந்தவர்களும் உண்டு. அத்தகையவர் தாம் தவறியதை ஒப்புக்கொள்வார். காலம் கேட்டால் கொடுப்பார். மூன்றாமவரை இழித்துப் பேசமாட்டார். முடிவு பாதகமானாலும் ஏற்பார். அவருக்கும்கூட அன்பு திரும்பியதனால் மட்டும் உரிமை பிறந்துவிடாது. தாமதமாக வந்த அன்பு உண்மையாகவே இருக்கலாம். அதை ஏற்பதா என்பது, காத்திருந்து களைத்தவரின் விருப்பம். உண்மையான அன்பும் மறுக்கப்படலாம். மறுத்தவர் அதனால் கொடியவர் ஆவதில்லை.

இன்னொரு கடமையைத் தோழி நமக்கு முன்பே உணர்ந்திருந்தார். மடல் வந்த மறுநாளே அதைப் பற்றிப் புதிய நண்பரிடம் சொல்லிவிட்டார். "இப்படி ஒன்று வந்திருக்கிறது. என் மனம் கலங்கியிருக்கிறது. தெளியும்வரை உங்களிடம் எந்த உறுதியும் சொல்லமாட்டேன். ஆனால் எதையும் மறைக்கவும் மாட்டேன்" என்றார். அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் 'அவனா நானா' என்று அவர் ஏலம் கேட்கவில்லை. பயிற்சிக்குப் போன ஊரிலிருந்தும், தோழியின் தந்தைக்கு மருத்துவர் சொன்னதென்ன என்றுதான் கேட்டார். மூன்று கேள்விகளை அவரை நோக்கித் திருப்பினால் என்ன விடை வரும் என்று தோழிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நம் பகுத்தறிவு இளைஞர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கோயில் வாசலில் நின்று கடவுளை மறுத்துப் பேசுகிற நாம், நம் நெஞ்சின் வாசலில் நின்று நம் ஆசையைக் கேள்வி கேட்டிருக்கிறோமா? பழகியவருக்கு வேறு துணை கிடைத்தது என்று கேட்டதும் நெஞ்சு கொதித்தால், மடல் எழுத உட்காருமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம். 'நேற்றுக் காலை, இந்தச் செய்தி வருமுன், இவரைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்?' நினைக்கவே இல்லை என்பது விடையானால், எழுதவேண்டிய மடல் வேறு. வாழ்த்து என்ற ஒரு சொல்லே அதற்குப் போதும். அதுவும் இயலாதென்றால் அமைதியாக இருப்பது நாகரிகம்.

தோழி தம் பதிலை எழுதி அனுப்புமுன் நம்மிடம் காட்டினார். நான்கே வரிகள். சிவப்புப் பென்சிலுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

"உங்கள் மீது எனக்குச் சினமில்லை. நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. என்னிடமிருந்து ஏதோ பறிபோகிறது என்று எண்ணி வந்தீர்கள். நான் எவரிடமிருந்தும் பறிபோகவில்லை. என் விருப்பப்படி நடந்து போகிறேன். நலமாக இருங்கள்."